ஸ்வாப்பில் காணாமல் போன 503 டாலர் யார் கைக்குப் போனது?

டோக்கன் ஸ்வாப் என்றதும் எல்லோரும் 0.3% கட்டணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. நானே ஸ்வாப் செய்தும், பூலில் பணம் போட்டு எடுத்தும், தெரிந்தவர்கள் "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று அனுப்பும் பரிவர்த்தனைகளைப் பிரித்துப் பார்த்தும் எனக்குப் புரிந்தது என்னவென்றால், உண்மையான செலவு பூலின் ஆழத்தில் இருக்கிறது. அந்தச் செலவில் பெரும்பகுதி பூலில் பணம் போட்டவருக்கும் போவதில்லை. எங்கே போகிறது என்று ஒரு ஸ்வாப்பை எடுத்துக் கடைசி டாலர் வரை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான எக்ஸ்சேஞ்சில் ஆர்டர் புக் இருக்கும். இந்த விலைக்கு இவ்வளவு வாங்குகிறேன் என்று ஒருவர், இந்த விலைக்குத் தருகிறேன் என்று இன்னொருவர், இரண்டும் பொருந்தினால் வியாபாரம். எத்தேரியம் மாதிரி ஒரு செயினில் இதை அப்படியே ஓட்டுவது கட்டுப்படியாகாது, ஏனென்றால் ஆர்டர் போட, மாற்ற, ரத்து செய்ய என்று ஒவ்வொன்றுக்கும் காஸ் கட்டணம் கட்ட வேண்டும், அடுத்த பிளாக் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். 2018 நவம்பரில் வந்த யூனிஸ்வாப் இதற்கு வேறு வழியைப் பிரபலமாக்கியது. காண்ட்ராக்ட் எனப்படும், செயினிலேயே ஓடும் ஒரு நிரலுக்குள் இரண்டு டோக்கன்களைக் கொட்டி வைத்துவிடுவது; அந்தக் குவியல்தான் பூல். ஒன்றைப் போட்டால் மற்றதை ஒரு சூத்திரப்படி எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சூத்திரம் இவ்வளவுதான்:

```
x × y = k
```

x ஒரு டோக்கனின் இருப்பு, y மற்றதன் இருப்பு. ஸ்வாப்புக்கு முன்னும் பின்னும் பெருக்குத்தொகை குறையக்கூடாது, அவ்வளவே நிபந்தனை. விற்பவர் என்று யாரும் எதிரே இல்லை. விலை என்று எதுவும் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்கவும் இல்லை. இரண்டு இருப்புகளின் விகிதம்தான் விலையாகத் திரையில் தெரிகிறது. வெளியுலகில் ஈத்தர் என்ன விலைக்குப் போகிறது என்பது அந்தக் காண்ட்ராக்டுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அதற்கு வழியும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

இப்போது அந்த ஸ்வாப். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், என்னைவிட மூத்தவர், ஒரு டாலருக்கு நிகராக இருக்கும்படி அமைத்த டோக்கனான யுஎஸ்டிசி 10,000 கொடுத்து ஈத்தர் வாங்கினார். பெரிய தளங்களில் செய்யாமல், யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பின் கோடை அப்படியே நகலெடுத்து நடத்திய ஒரு சிறிய தளத்தில் செய்தார். ஈத்தர் அன்று சுமார் 2,000 டாலர். "5 ஈத்தர் வரும்னு பாத்தேன் தம்பி, கட்டணம் போக 4.98ஆவது வரணும்ல? 4.75தான் வந்திருக்கு. ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். "ஹேக் எல்லாம் இல்லண்ணே, சூத்திரம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றேன். அவருக்கு அது ஆறுதலாகப் படவில்லை, நியாயம்தான்.

பூலின் இருப்பை எடுத்துப் பார்த்தோம். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கிச் சொல்கிறேன்: 100 ஈத்தர், 2,00,000 யுஎஸ்டிசி. விகிதம் 2,000, பெருக்குத்தொகை 2 கோடி. அவர் போட்ட 10,000இல் 0.3% கட்டணமாக 30 கழிந்து, 9,970 சூத்திரத்துக்குள் போகிறது. யுஎஸ்டிசி பக்கம் 2,09,970 ஆனால், பெருக்குத்தொகை 2 கோடியாகவே இருக்க ஈத்தர் பக்கம் 95.2517 இருந்தால் போதும். ஆக, அவருக்குக் கிடைத்தது 4.7483 ஈத்தர். சராசரியாக ஒரு ஈத்தருக்கு 2,106 டாலர் கொடுத்திருக்கிறார். அன்றைய சந்தை விலையில் அவர் கையில் வந்ததன் மதிப்பு 9,496.60. காணாமல் போனது 503 டாலர் சொச்சம். கட்டணம் அதில் 30 மட்டும்தான்.

மீதி 473 எங்கே? ஸ்வாப் முடிந்த அந்த நொடியில் பூலில் 95.2517 ஈத்தரும் 2,10,000 யுஎஸ்டிசியும் இருக்கின்றன, அதாவது திரையில் தெரியும் விலை 2,205க்குப் போய்விட்டது. வெளியே எல்லா இடத்திலும் 2,000. இதற்காகவே காத்திருக்கும் பாட்கள் ஆயிரம் இருக்கின்றன. அடுத்த பிளாக்கிலேயே, அதாவது 12 விநாடிக்குள், ஒரு ஆர்பிட்ராஜ் பாட் வெளியே 2,000க்குக் கிடைக்கும் ஈத்தரை இந்தப் பூலில் கொண்டுவந்து கொட்டுகிறது. கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதற்கு லாபகரமான அளவு 4.62 ஈத்தர், அதற்கு மேல் விற்றால் கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும். 9,238 டாலர் செலவு, பூலிலிருந்து கிடைத்தது 9,685. லாபம் 447 டாலர் சுமார். இப்போது பூலின் மொத்த மதிப்பை 2,000 விலையில் எண்ணிப் பாருங்கள்: முன்பு 4,00,000 இருந்தது, இப்போது 4,00,057. அண்ணனின் கட்டணம், பாட்டின் கட்டணம் இரண்டும் சேர்ந்து பூலில் பணம் போட்டவர்களுக்கு 57 டாலர். 447உம் 57உம் சேர்த்தால், தசமத்தை முழுமையாக்கிய ஒரு டாலர் முன்னே பின்னே போக, அந்த 503 சரியாக வந்துவிடுகிறது. (பாட் அந்த 447ஐயும் முழுதாக வைத்துக்கொள்வதில்லை. இதே லாபத்துக்கு மற்ற பாட்களும் போட்டி போடுவதால், தன் பரிவர்த்தனையை முன்னால் வைக்கச் சொல்லி பிளாக் கட்டுபவருக்கு அதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும்.)

பாட்டைத் திட்டுவதில் பயனில்லை என்பது என் கருத்து. வெளியே என்ன விலை என்று அந்தப் பூலுக்குச் சொல்வது அந்தப் பாட் மட்டும்தான். அது வராவிட்டால் அடுத்து ஸ்வாப் செய்பவருக்கு ஈத்தர் 2,205தான். ஆனால் அந்தச் சேவைக்கு யார் கூலி கொடுக்கிறார் என்றால், சின்ன பூலில் பெரிய தொகையைப் போட்டவர்.

இதைத் தவிர்க்க எனக்கு உதவும் குறுக்குக் கணக்கு ஒன்று உண்டு. நான் போடப்போகும் தொகை, பூலில் அதே டோக்கனின் இருப்பில் எத்தனை சதவீதம்? கிட்டத்தட்ட அத்தனை சதவீதம் எனக்கு நஷ்டம். பூலின் விலை அதைப்போல இரண்டு மடங்கு நகரும். 2,00,000இல் 10,000 என்றால் 5%, நஷ்டமும் ஏறக்குறைய 5%, விலை 10% ஏறியது. நஷ்டம் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமானால் 10,000க்கு யுஎஸ்டிசி பக்கம் மட்டும் 20 லட்சமாவது இருக்க வேண்டும். தளங்கள் இதை பிரைஸ் இம்பாக்ட் என்று சின்ன எழுத்தில் காட்டும், சில சின்ன தளங்கள் காட்டுவதே இல்லை. அப்போது எத்தர்ஸ்கேனில் பூலின் முகவரியைத் திறந்து, `Read Contract` பகுதியில் `getReserves` என்பதைப் பார்ப்பேன். இந்தப் பூலுக்கு அது இப்படி இருக்கும்:

```
_reserve0: 200000000000
_reserve1: 100000000000000000000
```

முதல் தடவை பார்ப்பவர் மிரண்டுபோவார். யுஎஸ்டிசிக்குத் தசமம் 6 இடம், ஈத்தருக்கு 18 இடம், அவ்வளவு பூஜ்ஜியங்களை வெட்டிவிட்டால் 2,00,000உம் 100உம் வந்துவிடும். எது எந்த டோக்கன் என்பதற்கு அதே பக்கத்தில் `token0`, `token1` இருக்கிறது.

"சரி, அப்ப சின்னச் சின்னதா பிரிச்சுப் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமா?" என்று அண்ணன் கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இடைவெளி இல்லாமல் 5,000, 5,000 என்று அடுத்தடுத்துப் போட்டால் முதலில் 2.432, பிறகு 2.316, மொத்தம் 4.748. ஒரே தடவை போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை, காஸ் கட்டணம்தான் இரட்டிப்பு. சூத்திரத்துக்கு எத்தனை படியில் ஏறினீர்கள் என்பது முக்கியமில்லை, எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் முதல் 5,000ஐப் போட்டுவிட்டு, பாட் வந்து விலையைப் பழையபடி இறக்கும்வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து அடுத்ததைப் போட்டால் மொத்தம் 4.85க்கு மேல் வரும். 200 டாலருக்கு மேல் மிச்சம். அதனால் பிரிப்பதானால் இடையில் `getReserves` பழைய விகிதத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பிரிக்க வேண்டும். இதைவிட எளிது, பல பூல்களுக்கு ஆர்டரைத் தானே பங்கு போடும் 1இன்ச் மாதிரியான அக்ரிகேட்டரில் விலை கேட்டுப் பார்ப்பது. நான் அதில்தான் முதலில் பார்ப்பேன், அங்கே செய்யாவிட்டாலும் ஒப்பிட ஒரு எண் கிடைக்கிறது.

அப்புறம் ஸ்லிப்பேஜ். இதையும் பிரைஸ் இம்பாக்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரைஸ் இம்பாக்ட் நீங்களே பூலுக்குச் செய்வது, முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது. ஸ்லிப்பேஜ் அமைப்பு என்பது, நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கும் பரிவர்த்தனை பிளாக்கில் ஏறுவதற்கும் நடுவே மற்றவர்கள் பூலை எவ்வளவு நகர்த்தினாலும் பரவாயில்லை என்று நீங்கள் கொடுக்கும் அனுமதி. காண்ட்ராக்டுக்கு இது `amountOutMin` என்ற ஒரே எண்ணாகத்தான் போகிறது: இதற்குக் கீழே கிடைத்தால் வேண்டாம். கிடைப்பது அதைவிடக் குறைந்தால் பரிவர்த்தனை இப்படித் தோற்கும்:

```
UniswapV2Router: INSUFFICIENT_OUTPUT_AMOUNT
```

தோற்றாலும் காஸ் கட்டணம் போய்விடும். அந்தக் கோபத்தில்தான் ஆட்கள் அமைப்பை 0.5%இலிருந்து 5%க்கு ஏற்றிவிடுகிறார்கள். எத்தேரியத்தில் பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகள் பொதுவெளியில் தெரியும். சாண்ட்விச் பாட் உங்கள் எண்ணைப் படித்து, உங்களுக்கு முன்னால் வாங்கி விலையை ஏற்றி, உங்களை மோசமான விலையில் வாங்க விட்டு, உடனே விற்றுவிடும். அண்ணனின் ஸ்வாப்பில் 5% வைத்திருந்தால் 4.7483க்குப் பதில் 4.511 ஈத்தர் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதாகிறது, வித்தியாசம் 0.237 ஈத்தர், சுமார் 475 டாலர். 0.5% என்றால் இதே ஓட்டை 47 டாலர். நான் பெரிய பூலில் 0.5%க்கு மேல் போவதில்லை, தொகை பெரிதென்றால் வாலட்டில் ஃப்ளாஷ்பாட்ஸ் ப்ரொடெக்ட் மாதிரி ஒரு தனியார் வழியை அமைத்து, பொதுவெளிக்கே காட்டாமல் அனுப்புகிறேன்.

குறைந்தபட்ச எண் கையில் இல்லாவிட்டால் சூத்திரம் எதையும் மறுக்காது என்பதற்கு 2023 மார்ச் 11 நல்ல உதாரணம். சிலிக்கான் வேலி வங்கி விழுந்து, யுஎஸ்டிசி 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கி, எல்லோரும் பதறிக்கொண்டிருந்த நேரம். ஒருவர் சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள கர்வ் பூல் டோக்கன்களை யுஎஸ்டிடி என்ற இன்னொரு டாலர் டோக்கனாக மாற்ற முயன்றார். ஸ்வாப் கிட்டத்தட்ட காலியாக இருந்த ஒரு பூலின் வழியாகப் போனது. அவருக்கு வந்தது 5 சென்ட். வழியில் இருந்த ஒரு பாட் அந்த இடைவெளியை அள்ளிக்கொண்டது. காலியான பூலிலும் x × y = k சரியாகவே வேலை செய்யும், அதுதான் பயங்கரம்: எவ்வளவு கொட்டினாலும் எதிர்ப்பக்கம் இருப்பதற்கு மேல் வராது, ஆனால் கொட்டியதைக் காண்ட்ராக்ட் வாங்கிக்கொள்ளும். பொத்தானை அழுத்தும் முன் நான் நிதானித்துப் படிக்கும் ஒரே வரி, குறைந்தபட்சம் கிடைக்கும் தொகை என்ற வரி. சதவீதம் அல்ல, அந்தத் தொகை.

இனி பூலில் பணம் போடும் பக்கம். அண்ணனின் கதையில் விலை நகர்ந்து திரும்பி வந்துவிட்டதால் போட்டவர்களுக்கு 57 டாலர் லாபம். வெளியே விலை உண்மையாகவே நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டால் கதை வேறு. அதே பூலில் நீங்கள் 1 ஈத்தரும் 2,000 யுஎஸ்டிசியும் போட்டு 1% பங்கு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஈத்தர் 3,000 ஆகிறது. பூலுக்கு இது தெரியாது. பாட்கள் மலிவான ஈத்தரை அள்ளி அள்ளி, 81.65 ஈத்தரும் 2,44,949 யுஎஸ்டிசியும் மிஞ்சும்வரை விடாது. உங்கள் பங்கு 0.8165 ஈத்தர், 2,449 யுஎஸ்டிசி, மொத்தம் 4,899. சும்மா வாலட்டில் வைத்திருந்தால் 5,000. அதாவது ஏறிக்கொண்டே போன ஈத்தரில் 0.1835ஐ உங்களைக் கேட்காமல் சராசரியாக 2,449 வீதம் விற்றாகிவிட்டது. 101 டாலர், 2% குறைவு. விலை இரட்டித்தாலோ பாதியானாலோ 5.7%, நான்கு மடங்கானால் 20%. இதை நிலையற்ற நஷ்டம் என்று அழைத்து, விலை திரும்பினால் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்வார்கள். எடுக்கும்போது விலை எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு, திரும்பும் என்று எந்தக் காண்ட்ராக்டும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த 101 டாலரைக் கட்டணம் ஈடுகட்டுமா என்பதைப் போடும் முன்பே பார்க்கலாம். 10,000 டாலர் ஸ்வாப் ஒன்றில் கட்டணம் 30, அதில் 1% பங்குக்கு 30 சென்ட். 101ஐ அடைய அப்படிப்பட்ட ஸ்வாப் 337 நடக்க வேண்டும், அதாவது 4 லட்சம் டாலர் பூலில் 33 லட்சத்துக்கு மேல் வியாபாரம். நான் பூல் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் காட்டும் வருட வட்டியைப் பார்ப்பதில்லை. கடந்த ஒரு மாத வியாபார அளவைப் பூலின் அளவால் வகுத்து, அந்த மாதம் விலை எவ்வளவு நகர்ந்தது என்பதோடு ஒப்பிடுகிறேன். பூல் தன் அளவைப்போல எட்டு மடங்குக்கு மேல் சுழன்றிருந்தால்தான் 50% விலையேற்றத்தைத் தாங்கும். சின்ன பூல்கள் பலவும் இந்தத் தேர்வில் தேறாது. தளமே தன் சொந்த டோக்கனை வெகுமதியாகக் கொட்டினால் மட்டும் தேறுவதுபோல் தெரியும், அந்த டோக்கனின் விலை நிற்கும்வரை.

2021 மே மாதம் வந்த யூனிஸ்வாப் மூன்றாம் பதிப்பில் பணத்தை ஒரு விலை எல்லைக்குள் மட்டும் வைக்கலாம், உதாரணமாக 1,800 முதல் 2,200 வரை. அதே பணம் அந்த எல்லைக்குள் பல மடங்கு ஆழமாக வேலை செய்யும், கட்டணமும் அதற்கேற்பக் கூடும், நான் மேலே சொன்ன நஷ்டமும் அதே வேகத்தில் கூடும். ஈத்தர் 2,200ஐத் தாண்டினால் உங்கள் பங்கு முழுக்க யுஎஸ்டிசி ஆகிவிடும், 1,800க்குக் கீழே போனால் முழுக்க ஈத்தர்; இரண்டிலும் கட்டணம் நின்றுபோகும். ஸ்வாப் செய்பவருக்கும் இதில் ஒரு விளைவு உண்டு: இந்த வகைப் பூலில் மொத்த இருப்பைப் பார்த்து என் குறுக்குக் கணக்கைப் போட்டால் தவறான விடை வரும், ஏனென்றால் அந்தப் பணத்தில் பாதி நடப்பு விலைக்கு வெகுதூரத்தில் சும்மா கிடக்கலாம். அங்கே தளம் காட்டும் மேற்கோளைத்தான் நம்ப வேண்டும். நான் முதலில் 1,000க்கும் பிறகு 10,000க்கும் மேற்கோள் கேட்டு, ஒரு ஈத்தருக்கான விலை இரண்டிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்துவிடுவேன். வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் செய்கிறேன், இல்லையென்றால் வேறு பூல்.